38 ஊர், 703 ஜோடி: அட்சரேகை தீர்க்கரேகை வைத்து ஷீட்டில் தூரம் போட்டால் சென்னை–மதுரை 19,565 கி.மீ. வருகிறது

முத்துச்சரம் | 4 ஜூன், காலை 9:12

தமிழ்நாட்டின் 38 மாவட்டத் தலைநகரங்களுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை ஒரு ஷீட்டில் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து எந்த ஊர் எத்தனை கிலோமீட்டர், நேர்கோட்டில், எல்லா ஜோடிக்கும் வேண்டும். இணையத்தில் ஒரு நிரலில் இருந்த ஃபார்முலாவை எக்செலுக்கு மாற்றினேன். E2ல் a என்ற இடைக்கணக்கு. அதற்கு அடுத்த செல்லில் இது:

```
=6371*2*ATAN2(SQRT(E2),SQRT(1-E2))
```

சென்னை–மதுரை 19,565 என்று காட்டுகிறது. சென்னை–காஞ்சிபுரம் அதைவிட அதிகம். கிட்ட இருக்கும் ஊருக்குத்தான் அதிக தூரம் வருகிறது. RADIANS எல்லா இடத்திலும் போட்டிருக்கிறேன், இரண்டு முறை சரிபார்த்தும் விட்டேன்.

---

அளவைக்காரர் | 4 ஜூன், காலை 9:50

RADIANS விட்டிருந்தால் எண்கள் தாறுமாறாக வரும். உங்களுடையது ஒழுங்காகத் தலைகீழாக வருகிறது. கிட்டே உள்ளது தூரமாகவும் தூரத்தில் உள்ளது கிட்டேயும் தெரிந்தால் ATAN2ஐத்தான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான நிரல் மொழிகளில் atan2க்குள் முதலில் y, பிறகு x. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆஃபீஸ் மூன்றிலும் முதலில் x, பிறகு y. நிரலிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டால் உலகத்தின் மறுபக்கத்துப் புள்ளிக்கு உள்ள தூரம்தான் கிடைக்கும். உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. 6371ஐ பையால் பெருக்கினால் 20,015. இது பூமியின் அரைச்சுற்று. அதிலிருந்து உங்கள் 19,565ஐக் கழியுங்கள், 450 வரும். நீங்கள் போட்ட கணக்கின் உண்மை விடை அதுதான்.

இடம் மாற்றிப் போடுங்கள், அல்லது ATAN2ஐயே விட்டுவிட்டு ASIN(SQRT(E2)) என்று எழுதுங்கள். அதில் மாறிப்போக எதுவும் இல்லை.

---

முத்துச்சரம் | 4 ஜூன், காலை 10:05

மாற்றிவிட்டேன். 450.0 வருகிறது. சாலை வழி சுமார் 460 என்பதால் இது சரியாகத்தான் இருக்கும். மிக்க நன்றி. இனி 703 வரிசைக்கும் இழுத்துவிட வேண்டியதுதான்.

---

அளவைக்காரர் | 4 ஜூன், காலை 10:31

இழுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். சாலை 460 என்றால் நேர்கோடு 450 என்பது நம்பும்படி இல்லை. அந்தச் சாலை விழுப்புரம், திருச்சி என்று வளைந்துதான் மதுரைக்குப் போகிறது. என்னிடம் உள்ள எண்களில் சென்னை 13.0827, 80.2707, மதுரை 9.9252, 78.1198. இரண்டுக்கும் 422.1 வருகிறது. உங்கள் ஷீட்டில் இந்த இரண்டு வரிசையிலும் என்ன இருக்கிறது?

---

முத்துச்சரம் | 4 ஜூன், காலை 10:38

சென்னை 13.05, 80.16. மதுரை 9.56, 78.07.

---

அளவைக்காரர் | 4 ஜூன், காலை 11:20

இவை டிகிரியும் நிமிடமும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் இல்லை. சென்னை 13 டிகிரி 05 நிமிடம். மதுரை 9 டிகிரி 56 நிமிடம். பழைய அட்டவணைகளிலும் பஞ்சாங்கங்களிலும் இப்படிப் புள்ளி வைத்து எழுதுவது வழக்கம். ஷீட்டுக்கு அது தெரியாது, 9.56ஐ ஒன்பதரைக்குச் சற்று மேல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். உண்மையில் அது 9.93. ஒரு டிகிரி அட்சரேகை ஏறத்தாழ 111 கி.மீ. அதனால் மதுரை மட்டும் 41 கி.மீ. தெற்கே தள்ளிப் போய்விட்டது. சென்னை அவ்வளவு நகரவில்லை. இந்த வித்தியாசம்தான் 422ஐ 450 ஆக்கியது. அது தற்செயலாகச் சாலைத் தூரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றதால் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

19,565ஐப் பார்த்ததும் எவருக்கும் தப்பு என்று தெரிந்துவிடும். 450ஐப் பார்த்தால் தெரியாது. எனக்குப் பயம் இந்த மாதிரி எண்களைப் பற்றித்தான்.

இரண்டு நெடுவரிசையிலும் எத்தனை எண்களுக்குப் புள்ளிக்குப் பிறகு .60க்கு மேல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

```
=SUMPRODUCT(--(MOD(B4:C41,1)>0.6))
```

உண்மையான தசமமாக இருந்தால் 76 எண்களில் ஏறத்தாழ 30 அப்படி இருக்க வேண்டும். நிமிடமாக இருந்தால் ஒன்றுமே இருக்காது.

---

தறி | 4 ஜூன், பகல் 12:02

எதற்கு இந்தச் சுற்றுவழி? எல்லா ஊருக்கும் புதிதாக நாலு தசம எண்களை எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது. கூடவே இரண்டு விஷயம். ஒன்று, ACOS வைத்து எழுதும் குட்டி ஃபார்முலாவைத் தொடவே கூடாது, கிட்டத்து ஊர்களுக்குத் தப்பான விடை தரும். இரண்டு, நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆரம் 6371 இல்லை, 6378 போட வேண்டும். 6371 உலகம் முழுக்கச் சராசரி.

---

முத்துச்சரம் | 4 ஜூன், மாலை 4:45

எண்ணிப் பார்த்தேன். 2 என்று வருகிறது. தஞ்சாவூர் 10.47, 79.8. சேலம் 11.39, 78.9. மற்ற எதுவும் .60ஐத் தாண்டவில்லை. அப்படியென்றால் தசமமா, நிமிடமா?

---

அளவைக்காரர் | 4 ஜூன், இரவு 8:10

நிமிடம்தான். அந்த இரண்டு ஊருக்கும் தட்டச்சு செய்தவர் பூஜ்யத்தை விட்டுவிட்டார். தஞ்சாவூர் 79 டிகிரி 08 நிமிடம், 79.08 என்று இருக்க வேண்டியது 79.8 ஆகிவிட்டது. சேலம் 78 டிகிரி 09 நிமிடம், அது 78.9 ஆகிவிட்டது. இவற்றைத் திருத்தாமல் மாற்றினால் தஞ்சாவூர் 80.33க்குப் போய் நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே நடுக்கடலில் நிற்கும். சேலம் நெய்வேலிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

மாற்றும் ஃபார்முலா இது. பழைய எண்களை அழிக்காமல், `மூலம்` என்று ஒரு தனி ஷீட்டில் வைத்துக்கொண்டு அதிலிருந்து எடுங்கள்.

```
=TRUNC(மூலம்!B4)+(மூலம்!B4-TRUNC(மூலம்!B4))*100/60
```

INT போடாமல் TRUNC போட்டதற்குக் காரணம், மேற்குத் தீர்க்கரேகை, தெற்கு அட்சரேகை போன்ற கழித்தல் எண்களில் INT ஒரு எண் கீழே போய்விடும். உங்களுக்கு இப்போது தேவைப்படாது. இதை எடுத்துக்கொண்டு போகிற வேறு யாருக்காவது தேவைப்படும்.

இனிமேல்தான் சிக்கல். .7, .8, .9 என்று முடிவது தானாகக் காட்டிக்கொடுத்துவிடும், 70 நிமிடம் என்று ஒன்று கிடையாது. .1 முதல் .5 வரை முடிவது காட்டிக்கொடுக்காது. 78.5 என்று இருந்தால் அது 50 நிமிடமாகவும் இருக்கலாம், 5 நிமிடமாகவும் இருக்கலாம். உண்மையிலேயே 78.50 என்று தட்டியிருந்தாலும் எக்செல் கடைசிப் பூஜ்யத்தை விழுங்கிவிட்டு 78.5 என்றுதான் காட்டும். ஷீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே ஒரு தசம இலக்கம் உள்ள வரிசைகளை மட்டும் வடிகட்டி, வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

---

முத்துச்சரம் | 5 ஜூன், காலை 7:55

பதினொன்று இருந்தது. கரூர்தான் மாட்டியது, 78.5 என்று இருந்தது. ஃபார்முலா அதை 78.83 ஆக்கி, கரூரைத் திருச்சிக்குக் கிழக்கே கொண்டுபோய் வைத்துவிட்டது. உண்மையில் 78 டிகிரி 05 நிமிடம். 45 நிமிட வித்தியாசம் என்பது 82 கி.மீ. வருகிறது. மற்ற பத்தும் சரி.

சென்னை–மதுரை இப்போது 421.4. நீங்கள் சொன்ன 422.1 வரவில்லையே?

---

அளவைக்காரர் | 5 ஜூன், காலை 8:20

உங்கள் மூலத்தில் நிமிடம் வரைதான் இருக்கிறது. ஒரு நிமிட அட்சரேகை ஏறத்தாழ 1.85 கி.மீ. அதை முழு நிமிடமாகத் திருத்தி எழுதியிருப்பதால் ஒவ்வொரு ஊரும் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு எந்தப் பக்கமும் நகர்ந்திருக்கலாம். 421.4க்கும் 422.1க்கும் உள்ள வித்தியாசம் அதுதான். விடையை 421 என்று எழுதுங்கள், புள்ளிக்குப் பின்னால் எதுவும் வேண்டாம்.

---

லாரிக்கணக்கு | 5 ஜூன், காலை 10:15

எனக்கும் இதேதான் தேவை. கோவையிலிருந்து 60 ஊருக்கு வாடகை போடுகிறோம். இந்த ஃபார்முலாவில் 6371க்குப் பதில் என்ன போட்டால் ரோட்டு கிலோமீட்டர் வரும்?

---

அளவைக்காரர் | 5 ஜூன், காலை 10:58

எதைப் போட்டாலும் வராது. இந்த ஃபார்முலாவுக்கு இரண்டு புள்ளிகள் மட்டும்தான் தெரியும், நடுவில் மலை இருக்கிறதா, கடல் இருக்கிறதா என்று தெரியாது. சென்னை–மதுரைக்குச் சாலைத் தூரம் நேர்கோட்டைப் போல 1.09 மடங்கு. அதே மடங்கைப் பொள்ளாச்சி–வால்பாறைக்குப் போட்டுப் பாருங்கள். நேர்கோடு சுமார் 37 கி.மீ., 1.09ஆல் பெருக்கினால் 40. 40 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் அந்த வண்டி ஓடுவது சுமார் 64 கி.மீ. மடங்கு 1.7. 24 கி.மீ.க்கு டீசல் யார் தருவது?

---

லாரிக்கணக்கு | 5 ஜூன், காலை 11:30

அப்படியென்றால் எங்களுக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லையா?

---

வடிவேணி | 5 ஜூன், பகல் 1:40

இருக்கிறது. உங்களிடம் ஏற்கெனவே கையால் எழுதிய ரோட்டு கிலோமீட்டர் பட்டியல் இருக்கும். அதற்குப் பக்கத்தில் நேர்கோட்டுத் தூரத்தை ஒரு நெடுவரிசையாகப் போட்டு, முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 1க்குக் கீழே வந்தால் ஏதோ ஒன்று கட்டாயம் தப்பு, ஏனென்றால் நேர்கோட்டை விடக் குறைந்த சாலை கிடையாது. 2க்கு மேல் வந்தால் மலையா, ஆறா, தட்டச்சுப் பிழையா என்று பாருங்கள். 60 வரிசையில் ஐந்தாறுதான் மிஞ்சும், அதை மட்டும் பார்த்தால் போதும்.

இப்போது என் கேள்வி. என்னிடம் இருப்பது சுத்தமான தசம எண்கள், நிமிடச் சிக்கல் இல்லை. வரைபடத்தில் புள்ளி வைத்து KML கோப்பாக இறக்கி, அதிலிருந்து ஒட்டினேன். சென்னை–மதுரை 248 வருகிறது. ஃபார்முலா மேலே உள்ள அதேதான்.

---

தறி | 5 ஜூன், பகல் 2:05

KMLல் தீர்க்கரேகைதான் முதலில் வரும், அட்சரேகை பிறகு. GeoJSONலும் அப்படித்தான். உங்கள் இரண்டு நெடுவரிசையும் இடம் மாறியிருக்கிறது.

---

வடிவேணி | 5 ஜூன், பகல் 2:30

அதேதான்! மாற்றியதும் 422 வந்துவிட்டது. ஆனால் இரண்டு ஊருக்கும் ஒரே மாதிரி மாறியிருந்தால் தூரம் மாறக்கூடாதே? வரைபடத்தையே சாய்த்துப் போட்ட மாதிரிதானே?

---

அளவைக்காரர் | 5 ஜூன், மாலை 6:15

தட்டையான தாளில் அப்படித்தான். உருண்டையில் அப்படி இல்லை. மாற்றிப் போட்டால் நம் ஊர்கள் எல்லாம் 76 முதல் 80 டிகிரி வடக்கே, வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அங்கே தீர்க்கரேகைகள் நெருங்கி ஒடுங்கிவிடும். இங்கே 109 கி.மீ. அகலம் உள்ள ஒரு டிகிரி, 79ஆவது அட்சரேகையில் வெறும் 21 கி.மீ. அதனால்தான் 422 சுருங்கி 248 ஆனது. 248 என்பதும் பார்த்ததும் சந்தேகம் வராத எண்தான்.

இதற்குக் காவல் எளிது. இந்தியாவுக்குள் அட்சரேகை 6 முதல் 38க்குள், தீர்க்கரேகை 68 முதல் 98க்குள் அடங்கிவிடும். இரண்டு வரம்பும் ஒன்றையொன்று தொடாது. ஷீட்டின் மேலே MIN, MAX நாலு செல் போட்டு வைத்தால் நெடுவரிசை மாறியதும் தெரிந்துவிடும். சேலம் என்று தேடி அமெரிக்காவின் ஆரிகனில் உள்ள சேலத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாலும் தெரிந்துவிடும், அதன் தீர்க்கரேகை கழித்தல் 123.

வெளிநாட்டு ஊர்களும் கலந்த பட்டியலுக்கு இந்தக் காவல் உதவாது. நியூயார்க்கின் -74.006ல் கழித்தல் குறி விட்டுப்போனால் அது கிர்கிஸ்தானுக்குப் போய்விடும். சென்னையிலிருந்து 13,470 வர வேண்டியது 3,130 வரும்.

---

அளவைக்காரர் | 6 ஜூன், காலை 6:40

முத்துச்சரத்துக்கு. 703 வரிசைப் பட்டியலாகப் போட வேண்டாம், கட்டமாகப் போடுங்கள். A4 முதல் A41 வரை ஊர்ப்பெயர், B அட்சரேகை, C தீர்க்கரேகை. D1ல் இது ஒன்று:

```
=TRANSPOSE(A4:C41)
```

மூன்று விவரமும் மேலே கிடையாக, D முதல் AO வரை வந்துவிடும். பழைய எக்செலில் D1:AO3 முழுவதையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு Ctrl+Shift+Enter அழுத்த வேண்டும். பிறகு D4ல்:

```
=2*6371*ASIN(SQRT(SIN(RADIANS(D$2-$B4)/2)^2
 +COS(RADIANS($B4))*COS(RADIANS(D$2))
 *SIN(RADIANS(D$3-$C4)/2)^2))
```

இதை AO41 வரை இழுங்கள். டாலர் குறி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மேல் தலைப்புக்கு வரிசை எண் முன்னால், இடது தலைப்புக்கு எழுத்து முன்னால். ஒன்று மாறினாலும் எண்கள் வரும், ஆனால் வேறு ஊருக்கு உரியதாக வரும். மூலைவிட்டம் முழுக்கப் பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்த்தால் அது தெரிந்துவிடும். D நாலாவது நெடுவரிசை, ஊர்களும் நாலாவது வரிசையில் தொடங்குகின்றன. அதனால் COLUMN()=ROW() என்ற நிபந்தனையில் மூலைவிட்டத்துக்கு நிறம் கொடுத்துவிடலாம்.

மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றேதான், ஆனாலும் கீழ்ப் பாதியை அழிக்காதீர்கள். அடுத்த வேலைக்கு முழு வரிசையும் வேண்டும். AP4ல் இதைப் போட்டு இழுங்கள், ஒவ்வொரு ஊருக்கும் மிக அருகிலுள்ள ஊரின் பெயர் வரும்:

```
=INDEX($D$1:$AO$1,MATCH(SMALL(D4:AO4,2),D4:AO4,0))
```

703 எண்களைக் கண்ணால் சரிபார்க்க யாராலும் முடியாது. 38 பக்கத்து ஊர்களைச் சரிபார்க்கத் தமிழ்நாட்டில் வளர்ந்த எவராலும் முடியும்.

---

தறி | 6 ஜூன், காலை 9:25

நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஃபார்முலாவில் மறுபடியும் 6371 இருக்கிறது. 6378 போட வேண்டும் என்று சொன்னேன்.

---

அளவைக்காரர் | 6 ஜூன், இரவு 9:30

இது கொஞ்சம் நீளும், அதனால்தான் தள்ளிப்போட்டேன்.

பூமத்திய ரேகையில் ஆரம் 6378 என்பது சரி. ஆனால் அது பூமியின் நடுவிலிருந்து தரை வரை உள்ள தூரம். நமக்கு வேண்டியது தரை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது. பூமி இடுப்பில் பருத்தது. வடக்கு தெற்காக நடந்தால் அந்தப் பருத்த இடத்தில்தான் வளைவு அதிகம், அதனால் அங்கே ஒரு டிகிரி குறுகியது. தமிழ்நாட்டில் அட்சரேகை ஒரு டிகிரி 110.6 கி.மீ., துருவத்தருகே 111.7. உருண்டை என்று வைத்து 6371 போட்டால் 111.2 வருகிறது. அதாவது வடக்கு தெற்குத் தூரங்களை ஏற்கெனவே அரை சதவீதம் கூட்டித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 6378 போட்டால் இன்னும் கூடும். கிழக்கு மேற்காகப் போகும் ஜோடிகளுக்கு மட்டும் நீங்கள் சொல்வது சரி. கோவை–நாகப்பட்டினம் போன்றவற்றுக்கு 6378 நன்றாகப் பொருந்தும். சென்னை–மதுரைக்குப் பொருந்தாது.

ஒரு டிகிரி எங்கே எவ்வளவு நீளம் என்ற இந்தக் கேள்விக்காகத்தான் 1802ல் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். நம் ஊரில் வைத்தே அளந்த விஷயம் இது.

சிறிய பரப்புக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. இரண்டு திசைக்கும் தனித்தனி எண் போட்டு, பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்காக்கிவிடலாம்:

```
=SQRT((110.62*(D$2-$B4))^2
 +(111.33*COS(RADIANS((D$2+$B4)/2))*(D$3-$C4))^2)
```

சென்னை–மதுரைக்கு, நாலு தசம எண்களை வைத்து: அட்சரேகை வித்தியாசம் 3.1575, அதை 110.62ஆல் பெருக்கினால் 349.3. தீர்க்கரேகை வித்தியாசம் 2.1509, அதை 111.33ஆலும் நடு அட்சரேகையின் கொசைனான 0.98ஆலும் பெருக்கினால் 234.7. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுத்தால் 420.8. உருண்டைக் கணக்கில் 422.1, 6378 போட்டால் 422.6. மூன்றில் 420.8தான் உண்மைக்கு மிக அருகில்.

இந்த 110.62 தமிழ்நாட்டு அட்சரேகைக்கு மட்டும் எடுத்த எண். டெல்லியைச் சேர்த்தால் பிசகும், நியூயார்க்கைச் சேர்த்தால் விடையே கிடையாது. பரந்த பட்டியலுக்கு மேலே உள்ள ASIN ஃபார்முலாவே இருக்கட்டும்.

ACOS பற்றியும் சொல்லிவிடுகிறேன். குறைந்த இலக்கங்களில் கணக்கிட்ட காலத்தில் அது கிட்டத்துப் புள்ளிகளுக்கு மோசமாகத் தடுமாறியது, எச்சரிக்கை அப்போது வந்தது. இன்றைய ஷீட் 15 இலக்கம் வைத்திருக்கிறது. ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளுக்குக்கூடப் பிசகு பத்து சென்டிமீட்டர் அளவில்தான். ஊர்களுக்கு நடுவே அது ஒன்றுமே இல்லை. ஆனால் மூலைவிட்டத்தில் உள்ளே இருக்கும் எண் 1ஐ ஒரு நூலிழை தாண்டினால் #NUM! என்று நிற்கும். ACOS(MIN(1,…)) என்று கட்டிவிட்டால் அதுவும் போய்விடும்.

---

தறி | 7 ஜூன், காலை 8:05

வளைவையும் ஆரத்தையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது புரிகிறது. ஆனாலும் நிமிடம் வரை மட்டுமே உள்ள மூலத்தை வைத்துக்கொண்டு 1.3 கி.மீ. வித்தியாசத்துக்காக ஃபார்முலாவை மாற்றுவதில் அர்த்தம் இல்லை என்பேன். ஊரின் இடமே ஒரு கிலோமீட்டர் ஆடுகிறது.

---

அளவைக்காரர் | 7 ஜூன், காலை 8:40

ஊரின் இடம் ஆடுவது எல்லாப் பக்கமும் ஆடும். உருண்டைப் பிழை எப்போதும் ஒரே பக்கம் சாயும், வடக்கு தெற்கு ஜோடி எல்லாமே கூடும். கூட்டுத்தொகை எடுக்கப்போகிறவர் என்றால் மாற்றத்தான் வேண்டும். ஒவ்வொரு ஜோடியாகப் பார்ப்பவர் என்றால் நீங்கள் சொல்வதுபோல் விட்டுவிடலாம்.

---

முத்துச்சரம் | 8 ஜூன், மாலை 5:20

கட்டம் தயார். மூலைவிட்டம் பூஜ்யம், MIN, MAX வரம்புக்குள். பக்கத்து ஊர் நெடுவரிசையைப் படித்துக்கொண்டே வந்தேன். திருப்பத்தூருக்குப் பக்கத்து ஊர் சிவகங்கை என்று நிற்கிறது. அதற்கு அடுத்தது புதுக்கோட்டை. வேலூரிலிருந்து 2019ல் பிரிந்த மாவட்டத்துக்குச் சிவகங்கை எப்படிப் பக்கத்தில் வரும்?

---

வடிவேணி | 8 ஜூன், மாலை 5:48

சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறதே! காரைக்குடி போகிற வழியில். அந்த எண்ணை எடுத்திருக்கிறீர்கள்.

---

முத்துச்சரம் | 8 ஜூன், மாலை 6:30

ஆமாம். அட்சரேகை 10.13 என்று இருந்தது, 12.49 இருக்க வேண்டும். தீர்க்கரேகை இரண்டு ஊருக்கும் கிட்டத்தட்ட ஒன்றேதான், 78.6 பக்கம். அதனால் அந்த நெடுவரிசையில் உறுத்தவே இல்லை. 250 கி.மீ.க்கு மேல் தள்ளி இருந்திருக்கிறது, வரம்புக் காவலும் பிடிக்கவில்லை. மாற்றியதும் பக்கத்து ஊர் கிருஷ்ணகிரி என்று வந்துவிட்டது. இந்த ஒரு வரிசையால் 37 ஜோடி தப்பாகப் போயிருக்கும்.

---

லாரிக்கணக்கு | 9 ஜூன், காலை 7:15

வடிவேணி அக்கா சொன்ன வகுத்தலைப் போட்டுப் பார்த்தேன். 60ல் மூன்று ஊருக்கு 1க்குக் கீழே வந்தது. இரண்டு, பட்டியலில் கிலோமீட்டரைத் தப்பாக எழுதியிருக்கிறோம். மூன்றாவதற்குக் கிலோமீட்டரும் சரி, ஊரின் எண்ணும் சரி. 0.97 வருகிறது. எப்படி?

---

அளவைக்காரர் | 9 ஜூன், காலை 9:00

எவ்வளவு தூரம்?

---

லாரிக்கணக்கு | 9 ஜூன், காலை 9:10

பக்கத்து ஊர்தான், ரோட்டில் 29. ஷீட்டில் 30.

---

வடிவேணி | 9 ஜூன், காலை 9:55

உங்கள் 29 எங்கிருந்து எங்கே? கிடங்கிலிருந்து சரக்கு இறக்கும் இடம் வரை. ஷீட்டில் உள்ளது ஊரின் நடுவிலிருந்து ஊரின் நடு வரை. கிடங்கு ஊருக்கு வெளியே அந்தத் திசையிலேயே மூன்று நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் இப்படி வரும். கிடங்கின் அட்சரேகை தீர்க்கரேகையைப் போடுங்கள், ஊருடையதை அல்ல.

---

முத்துச்சரம் | 9 ஜூன், மாலை 7:40

இது எனக்கும் கேள்வியாகிவிட்டது. சென்னைக்கு எல்லோரும் போடும் 13.0827, 80.2707 சென்ட்ரல் பக்கம் விழுகிறது. மற்ற மாவட்டங்களுக்கு ஆட்சியர் அலுவலகத்தை எடுப்பதா, பேருந்து நிலையத்தையா, ரயில் நிலையத்தையா? சில ஊர்களில் ஆட்சியர் அலுவலகம் ஊரை விட்டு வெகுதூரம் தள்ளி இருக்கிறது.

---

தறி | 9 ஜூன், இரவு 8:15

ரயில் நிலையம். எல்லா வரைபடத்திலும் குழப்பமில்லாமல் ஒரே புள்ளி.

---

அளவைக்காரர் | 9 ஜூன், இரவு 8:50

ரயில் நிலையமே இல்லாத தலைநகரங்கள் இருக்கின்றன, பெரம்பலூரை எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஆட்சியர் அலுவலகத்தைத்தான் எடுப்பேன், 38க்கும் கட்டாயம் ஒன்று இருக்கிறது. எதை எடுத்தாலும் D நெடுவரிசைக்கு முன்னால் எதையும் நுழைக்காமல், `மூலம்` ஷீட்டில் ஒரு நெடுவரிசை சேர்த்து ஒவ்வொரு ஊருக்கும் எந்தப் புள்ளி என்று எழுதி வையுங்கள்.

---

தறி | 9 ஜூன், இரவு 9:05

ஆட்சியர் அலுவலகம் இடம் மாறும். ரயில் நிலையம் மாறாது. பெரம்பலூர் போன்றவற்றுக்குப் பேருந்து நிலையம்.

---

முத்துச்சரம் | 10 ஜூன், காலை 6:50

இப்போதைக்குப் பேருந்து நிலையம் எல்லாவற்றுக்கும், எந்த நிலையம் என்ற பெயரோடு. 38ல் 21 முடித்திருக்கிறேன். மூன்று ஊர்களில் பழையது, புதியது என்று இரண்டு இருக்கிறது.